ஆள்காட்டி அடங்கும் தூரம்

ஆள் வருவதைக் காட்டிக்கொடுக்கும் பறவை என்பதால்தான் அதற்கு ஆள்காட்டி என்று பெயர். மனிதனோ நாயோ திறந்த வெளியில் கால் வைத்தால் போதும், முதல் குரல் அதனுடையதாகத்தான் இருக்கும். கூட்டை வீடியோ எடுக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்று மற்ற பறவைகள் மௌனமாகச் சொல்வதை ஆள்காட்டி வாய்விட்டுச் சொல்கிறது. அதனால் செம்மூக்கு ஆள்காட்டியின் தரைக்கூடு ஒன்றையே எடுத்துக்கொண்டு, எங்கே உட்காருவது, எந்த லென்ஸ் எவ்வளவு காட்டும், ஜூம் எந்த இடத்தில் கைவிடும், எப்போது எழுந்து போய்விட வேண்டும் என்று பார்க்கலாம். இந்தக் கணக்கு பிடிபட்டால் மற்ற பறவைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். பொருந்தாத இடங்களைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கூடு. கூடு என்று சொல்வதே கொஞ்சம் மிகைதான். தரையில் லேசான ஒரு குழி, சுற்றிலும் சிறு கற்கள், அவ்வளவே. அதில் பெரும்பாலும் நான்கு முட்டைகள், சில சமயம் மூன்று. மண்ணின் நிறமும் கரும்புள்ளிகளும் சேர்ந்து முட்டை இரண்டடி தள்ளி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அந்த மறைவுதான் அதற்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு. அடைகாப்பது ஏறக்குறைய நான்கு வாரம். ஆணும் பெண்ணும் முறை வைத்து உட்காருகின்றன.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. நாம் நெருங்கும்போது ஆள்காட்டி கூட்டிலிருந்து விருட்டென்று பறப்பதில்லை. ஆள் தொலைவில் தெரிந்ததுமே, உட்கார்ந்திருக்கும் பறவை சத்தமில்லாமல் எழுந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு பல மீட்டர் நடந்துபோய், வேறெங்கோ நின்றுகொண்டுதான் கத்தத் தொடங்கும். கத்தும் பறவையைப் பார்த்து 'இப்போதுதான் நம்மைக் கவனித்திருக்கிறது' என்று நினைக்கிறோம். உண்மையில் முட்டைகள் மூடாமல் கிடக்கத் தொடங்கிச் சில நிமிடங்கள் ஆகியிருக்கும். தாய் கூட்டில் இல்லாததால் கூடு அங்கே இல்லை என்று எண்ணி, கூட்டை நோக்கியே நடப்பவர்களும் உண்டு.

முட்டை மூடாமல் கிடந்தால் என்ன ஆகும்? அடைகாக்கும் பறவை முட்டையைச் சுமார் 36 முதல் 38 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கிறது. நாற்பதைத் தாண்டி நீடித்தால் கரு சாகும். வெயில் ஏறிய வெறுந்தரையின் வெப்பம் அதைவிட மிக அதிகம். அந்தப் பொழுதில் ஆள்காட்டி முட்டையின் மேல் இருப்பது சூடேற்ற இல்லை, நிழல் கொடுக்க. வெயில் கடுமையாகும்போது நீர்நிலைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் அமர்ந்து குளிர்விக்கும். அப்படிப்பட்ட பறவையை நண்பகலில் பத்து நிமிடம் எழுப்பி நிறுத்தினால் அந்தக் கூட்டின் முட்டைகள் அத்தனையும் போய்விடலாம். நாம் போன பிறகு பறவை திரும்பி வந்து அமர்வதைப் பார்த்து 'ஒன்றும் ஆகவில்லை' என்று நிம்மதி அடைந்துவிடுவோம். செத்த முட்டையின் மேலும் அது பல நாள் உட்காரும்.

வெயிலுக்கு அடுத்தது காகம். பறவை எழுந்த இடத்தையும் மனிதன் குனிந்து பார்த்த இடத்தையும் காகம் கவனித்து வைத்துக்கொள்ளும். நாம் கிளம்பியதும் வந்து பார்க்கும். கூடு வரை போய் அதே வழியில் திரும்பிய காலடித் தடமும் அப்படித்தான். மோப்பம் பிடித்து வரும் விலங்குக்கு அது கூட்டில் போய் முடியும் பாதை.

ஆகவே தூரத்தை லென்ஸை வைத்து முடிவு செய்யக் கூடாது. பறவையை வைத்து முடிவு செய்துவிட்டு, அந்தத் தூரத்தில் இருக்கிற லென்ஸ் என்ன தருகிறதோ அதை வாங்கிக்கொள்ள வேண்டும். வரிசையை மாற்றிப்போட்டு 'என் லென்ஸுக்கு முப்பது மீட்டர் வேண்டும்' என்று தொடங்கும்போதுதான் எல்லாத் தவறும் ஆரம்பிக்கிறது.

தூரத்தைக் கண்டுபிடிப்பது இப்படி. குறைந்தது 150 மீட்டருக்கு அப்பால் நின்று, பைனாகுலரில் இருபது நிமிடம் பார்க்க வேண்டும். கேமரா பையிலேயே இருக்கட்டும். உட்கார்ந்திருக்கும் பறவை எங்கே, துணை எங்கே நின்று காவல் காக்கிறது, இரண்டும் எந்தத் திசையில் போய் வருகின்றன என்பது அந்த நேரத்தில் தெரிந்துவிடும். பிறகு பத்து பத்து மீட்டராக நகரலாம். நேராகக் கூட்டை நோக்கி நடக்காமல், கூட்டுக்குப் பக்கவாட்டில் கடந்து போகிறவரைப் போலச் சாய்வாக நடக்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் குறைந்தது மூன்று நிமிடம் அசையாமல் இருந்து பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது உட்கார்ந்திருக்கும் பறவையைவிடக் காவல் பறவையைத்தான். இரை கொத்திக்கொண்டோ இறகு கோதிக்கொண்டோ இருந்தது, அதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நிமிர்த்தி உங்கள் பக்கம் பார்க்கிறதா? அதுதான் முதல் அறிகுறி. குரல் அதற்கு அடுத்த நிலை, எழுந்து நடப்பது அதற்கும் அடுத்தது. முதல் அறிகுறியிலேயே நின்றுவிட வேண்டும். நின்றால் மட்டும் போதாது, வந்த வழியில் பின்வாங்கவும் வேண்டும். கழுத்து நிமிர்ந்த தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வது நல்ல கணக்கு. 90 மீட்டரில் நிமிர்ந்தது என்றால் உட்கார வேண்டிய இடம் 120 மீட்டர். அங்கே உட்கார்ந்த பிறகு காவல் பறவை மறுபடி மேய வேண்டும், கூட்டுப் பறவை கண்ணை மூடித் திறக்க வேண்டும், அல்லது அலகைத் தோளில் செருக வேண்டும். பத்து நிமிடத்துக்குள் இது நடக்கவில்லை என்றால் இன்னும் முப்பது மீட்டர் பின்னால் போக வேண்டும்.

இந்த எண் எல்லா ஆள்காட்டிக்கும் பொருந்தாது. வண்டிகளும் ஆட்களும் தினமும் கடக்கும் இடத்தில் வாழும் இணை 40 மீட்டரிலும் அசையாமல் இருக்கும். மனித நடமாட்டமே இல்லாத இடத்தில் இருப்பது 150 மீட்டரிலேயே எழுந்துவிடும். ஒரே இணைகூட ஒரே மாதிரி இருப்பதில்லை. முட்டையிடத் தொடங்கிய முதல் நாட்களில் கூட்டைக் கைவிடும் வாய்ப்பு அதிகம், அந்த நாட்களில் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. அதனால் இன்னொருவர் சொன்ன மீட்டரை வாங்கிக்கொள்ளாமல், ஒவ்வொரு முறையும் புதிதாக அளக்க வேண்டும்.

லேசர் தூரமானி இல்லாவிட்டாலும் லென்ஸே அளந்து சொல்லும். முழுச்சட்ட கேமராவின் சென்சார் அகலம் 36 மில்லிமீட்டர். அதில் 600 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸைப் போட்டால் 100 மீட்டர் தொலைவில் பிரேமின் அகலம் 6 மீட்டர், 50 மீட்டரில் 3 மீட்டர். சென்சார் அகலத்தைக் குவியத் தூரத்தால் வகுத்து, பறவை இருக்கும் மீட்டரால் பெருக்கினால் போதும், எந்தக் கேமராவுக்கும் இதே கணக்குதான். செம்மூக்கு ஆள்காட்டியின் நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். பக்கவாட்டில் நிற்கும் பறவை பிரேமின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் பிரேம் 3.5 மீட்டர் அகலம், அப்படியானால் தூரம் 58 மீட்டர். நூலில் பிடித்த அளவு இல்லைதான். ஆனால் 60-ஆ 120-ஆ என்று குழம்பாமல் இருக்க இது போதும்.

இப்போது 120 மீட்டரில் உட்கார்ந்துவிட்டோம். பறவை எவ்வளவு பெரிதாகத் தெரியும்?

முழுச்சட்ட கேமராவும் 600 மி.மீ. லென்ஸும் என்றால் பிரேம் 7.2 மீட்டர் அகலம். 4கே வீடியோவின் 3840 பிக்சலில் ஆள்காட்டிக்குக் கிடைப்பது 187 பிக்சல். சின்ன உருவம்தான், கண் தெரியாது. அதே லென்ஸைச் சற்றுச் சிறிய சென்சாருள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் போட்டு, 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டரையும் சேர்த்தால் குவியத் தூரம் 840 மி.மீ. ஆகிறது. 23.5 மி.மீ. சென்சாரில் பிரேமின் அகலம் ஏறக்குறைய 3.4 மீட்டர். பறவைக்கு 400 பிக்சல். அந்தக் காட்சியை எடிட்டிங்கில் சரிபாதியாக வெட்டி 1920 பிக்சல் அகலமுள்ள ஹெச்டியாக வெளியிட்டால், பறவை பிரேமில் ஐந்தில் ஒரு பங்கு நிறையும். கண், அலகுக்குப் பக்கத்துச் சிவப்புச் சதை, முட்டையைப் புரட்டும் அசைவு எல்லாம் தெரியும். சுற்றியுள்ள வெளியும் தெரியும், அது குறையில்லை. தரைக்கூட்டின் கதையே அந்த வெளியில்தான் இருக்கிறது.

இந்த இரண்டு மடங்கு வெட்டுதான் டிஜிட்டல் ஜூமின் நேர்மையான எல்லை. 4கே-யில் எடுத்து ஹெச்டியில் வெளியிடும்போது ஒரு பிக்சலும் புதிதாக உருவாக்கப்படுவதில்லை, இருப்பதை மட்டுமே வெட்டுகிறோம். அதற்கு மேல் போனால் கேமராவோ மென்பொருளோ இல்லாத இறகை ஊகித்து வரையும், பறவை ஈரக் களிமண் போல ஆகிவிடும். கேமராவில் இருக்கும் டிஜிட்டல் ஜூமை அமைப்பிலேயே அணைத்துவிடுவது நல்லது. ஆப்டிகல் ஜூம் முடிந்து டிஜிட்டல் தொடங்கும் இடம் விரலுக்குத் தெரியாது. சில கேமராக்கள் 4கே-யில், அதுவும் வினாடிக்கு 50 பிரேம் வைத்தால், சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் என்பதையும் முன்பே பார்த்துவைக்க வேண்டும். அப்போது மேலே சொன்ன அகலம் இன்னும் சுருங்கும்.

பாலம் வகை சூப்பர்ஜூம் கேமராக்கள் முழுச்சட்ட கேமராவின் 2000 மி.மீ.க்கு நிகரான எட்டத்தைத் தருகின்றன. 120 மீட்டரில் பிரேம் 2.2 மீட்டர்தான், பறவை ஆறில் ஒரு பங்கு நிறையும். ஆனால் சென்சார் சுண்டுவிரல் நகத்தளவு, துளையும் சிறியது, அதனால் விளிம்புகள் ஒளிச்சிதறலால் மென்மையாகிவிடும். நல்ல வெளிச்சம் இல்லாமல் அது உதவாது. கைபேசியின் 5 மடங்கு டெலி கேமரா ஏறக்குறைய 120 மி.மீ.க்கு நிகர். 120 மீட்டரில் அதன் பிரேம் 36 மீட்டர், ஆள்காட்டி அதில் 37 பிக்சல் புள்ளி. கூடுகளுக்கு மிகவும் நெருங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் கைபேசிக்காரர்கள்தான், காரணம் இந்தப் புள்ளி. அவர்கள் செய்ய வேண்டியது நெருங்குவதில்லை, ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் கண்வில்லையில் கைபேசியைப் பொருத்துவது. 30 மடங்கில் வைத்த ஸ்கோப்பும் கைபேசியின் முதன்மை கேமராவும் சேர்ந்து ஏறக்குறைய 750 மி.மீ.க்கு நிகரான எட்டத்தைத் தரும்.

எட்டம் கூடக்கூடத் தலைவலி நடுக்கம். மேலே சொன்ன 840 மி.மீ. கணக்கில், 120 மீட்டரில் ஒரு பிக்சல் என்பது பறவை இருக்கும் இடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தினாலே காற்றில் அது படத்தில் தெரியும். நடுத்தண்டைக் கீழே இறக்கி, கால்களை அகட்டி, எடையுள்ள பையை நடுவில் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கவிட வேண்டும். முழுதாகத் தொங்கினால் பையே ஊஞ்சலாடும். வீடியோவுக்கான ஃபுளூயிட் தலை வேண்டும். பதிவைத் தொடங்கியதும் கையை எடுத்துவிட்டு ஐந்து வினாடி விட்டுத்தான் காட்சி தொடங்குவதாகக் கொள்ள வேண்டும். அசைவுச் சீராக்கியை முக்காலியில் அணைத்துப் பார்க்கவும். அது தேவையில்லாத இடத்தில் தானே தேடி அலைந்து படத்தை மெதுவாக நகர்த்துவது உண்டு.

ஃபோகஸ் விஷயத்தில் தூரம் நமக்கு உதவுகிறது. 120 மீட்டரில், எஃப் 9-இல், தெளிவாகத் தெரியும் ஆழம் நான்கு மீட்டருக்குக் குறையாது. ஆகவே திரையைப் பெரிதாக்கிக் கூட்டோரக் கல்லில் கையால் ஃபோகஸ் செய்து பூட்டிவிடலாம். தானியங்கி ஃபோகஸை நம்பினால் முன்னால் ஆடும் புல்லைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புல்லைப் பிடுங்கத்தான் கை பரபரக்கும். கூட்டருகே ஒரு தண்டைக்கூட ஒடிக்கக் கூடாது. அந்தப் புல்தான் மதியத்தில் நிழல், காகத்துக்கு எதிரான திரையும் அதுதான். புல் மறைத்தால் நீங்கள்தான் இரண்டு மீட்டர் பக்கவாட்டில் நகர வேண்டும்.

இனி ஜூமின் மிகப் பெரிய எல்லைக்கு வருகிறேன். எவ்வளவு விலையுள்ள லென்ஸும் இதைத் தாண்டாது. அது கானல். தரை சூடாகி மேலெழும் காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து, ஒளியை வெவ்வேறு கோணத்தில் வளைக்கின்றன. பறவையின் விளிம்பு தண்ணீருக்குள் தெரிவது போல நெளியும். ஃபோகஸ் தவறிவிட்டது என்று நினைத்து வளையத்தைத் திருகிக்கொண்டே இருப்போம். உறுதிசெய்ய ஒரு வழி உண்டு: கூட்டுக்கு அருகே அசையாத கல் ஒன்றைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். அதன் விளிம்பு கொதிப்பது போல இருந்தால் குற்றம் லென்ஸுடையது இல்லை. எவ்வளவு ஜூம் செய்தாலும் கொதிப்பும் அதே அளவு பெரிதாகும்.

இதற்கு ஒரு முரண் உண்டு. முக்காலியைத் தாழ்த்தி, பறவையின் கண் மட்டத்துக்கு வந்தால் படம் அழகாக வரும், பறவையும் நம்மைப் பொருட்படுத்தாது. ஆனால் பார்வைக் கோடு 120 மீட்டரும் தரையை ஒட்டியே போவதால், சூடான காற்றின் அடர்ந்த அடுக்கை முழுவதும் கடக்க வேண்டும். அதனால் விடியலில் தாழ்வாகத் தொடங்கி, தரை சூடாகத் தொடங்கியதும், உட்கார்ந்த நிலையில் தலைக்கு இணையான உயரத்துக்கு லென்ஸை ஏற்றுவது நல்லது. எழுந்து நிற்கக் கூடாது. காருக்குள்ளிருந்து எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். கார் நல்ல மறைவிடம், மனித உருவத்துக்கு அஞ்சும் பறவை காருக்கு அஞ்சாது. ஆனால் எஞ்சினை அணைத்து, அதன் மூடி ஆறும் வரை காத்திருக்க வேண்டும். மூடியின் மேலாகப் பார்த்து எடுத்தால் கானலை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். சன்னல் பக்கமாக, பீன்பேக்கில் லென்ஸைக் கிடத்தி எடுக்கலாம்.

வெயில் உள்ள நாளில் சூரியன் எழுந்த இரண்டு மணி நேரத்தில் 120 மீட்டர் காட்சி பெரும்பாலும் கெட்டுவிடும். முட்டைக்கு ஆபத்து தொடங்குவதும் அதையொட்டித்தான். படம் கொதிக்கத் தொடங்கினால் கிளம்பும் நேரம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பிரச்சினைக்கும் ஒரே மணிதான் அடிக்கிறது. 'இன்னும் கொஞ்சம் முன்னால் போனால் கானல் குறையும்' என்ற யோசனை அந்த நேரத்தில்தான் வரும். அது உண்மையும்கூட. ஆனால் முட்டைக்கு நிழல் மிகவும் தேவைப்படும் பொழுதில் பறவையை எழுப்ப வேண்டியிருக்கும். மேகமூட்டமான நாளுக்குக் காத்திருப்பதுதான் இதற்கு மாற்று.

காத்திருப்பது என்றால் மனஉறுதி மட்டும் போதாது, கருவியும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். கூட்டில் நடக்கும் முக்கிய நிகழ்வு ஆள் மாற்றம். துணை வந்து நிற்கும், உட்கார்ந்திருப்பது எழுந்து ஓரடி நடக்கும், வந்தது முட்டையை அலகால் நகர்த்தி, வயிற்று இறகை விரித்து அசைந்து அசைந்து அமரும். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்காக மணிக்கணக்கில் இருக்க வேண்டும். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் தின்னும். 128 ஜிபி கார்டு மூன்று மணி நேரம்கூட வராது. தொடர்ந்து ஓடவிடாமல், துணை கூட்டை நோக்கி நடக்கத் தொடங்கியதும் பதிவை அழுத்தலாம். ஆள்காட்டி பறந்து வந்து கூட்டில் இறங்காது. தள்ளி இறங்கி, நின்று நின்று நடந்துதான் வரும். அந்த நடை உங்களுக்கு முன்னறிவிப்பு. பேட்டரி மாற்ற எழாமல் இருக்க, பவர் பேங்கிலிருந்து கேபிளை முன்பே செருகி வைத்துவிடுங்கள். பீப் ஒலி, ஃபோகஸ் உதவி விளக்கு, பதிவைக் காட்டும் சிவப்பு விளக்கு மூன்றையும் வீட்டிலேயே அணைத்துவிட வேண்டும். பிரேம் வேகம் 25, ஷட்டர் 1/50 வைத்தால் விடியல் ஒளியிலும் ஐஎஸ்ஓ கட்டுக்குள் இருக்கும், அமர்ந்த பறவைக்கு அது போதும்.

உட்காரும் இடத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், பலரும் தவறவிடுவது. கூட்டிலிருந்து தூரமாக இருந்தால் மட்டும் போதாது. கூட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கக் கூடாது. வயிற்றை நனைக்கப் போகும் பறவை உங்களைச் சுற்றிக்கொண்டு போகவோ, போகாமலே இருக்கவோ நேரும். கூட்டில் அமைதியாகத்தான் உட்கார்ந்திருக்கும், ஆனால் இறகு காய்ந்திருக்கும். முதல் இருபது நிமிடப் பார்வை இதற்காகவும்தான். கூடு, நீர்நிலை, நீங்கள் மூன்றும் ஒரே கோட்டில் வராமல் முக்கோணமாக அமைய வேண்டும்.

உண்மையில் மிக அழகான காட்சி அந்த நீரோரத்தில்தான் கிடைக்கும். காலை மடக்கி வயிற்றை நீரில் அமிழ்த்தி எழுந்து, சொட்டச்சொட்டக் கூட்டை நோக்கிப் போகும் பறவையைக் கூட்டிலிருந்து வெகுதூரத்தில், மறைவில் உட்கார்ந்து எடுக்கலாம். கூடு பிரேமில் இல்லாமலே கூட்டின் கதை முழுவதும் அதில் இருக்கிறது. மரக்கூட்டுப் பறவைகளுக்கும் இதே வழிதான்: குச்சி சுமப்பது, அலகில் புழுவோடு இடைக்கிளையில் நிற்பது, குஞ்சின் எச்சப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவது. நூற்றிருபது வருடங்களுக்கு முன்பு வேறு வழியில்லை. லென்ஸின் எட்டம் குறைவு, பறவை உறுதியாகத் திரும்பி வரும் ஒரே இடம் கூடு. இங்கிலாந்தின் இயற்கைப் புகைப்படக்காரர்களான கியர்ட்டன் சகோதரர்கள் ரிச்சர்டும் செரியும் மாட்டுத்தோலைப் பதப்படுத்தி உள்ளீடற்ற மாடு ஒன்றைச் செய்து, அதற்குள் கேமராவோடு ஒளிந்து படமெடுத்தார்கள். இன்றைய லென்ஸ் இருக்கும்போது பறவையின் கூட்டு வாசலில்தான் நின்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எடுக்கக் கூடாத காட்சி ஒன்றும் உண்டு. இறக்கை ஒடிந்தது போலத் தரையில் இழுத்துக்கொண்டு தத்தளிக்கும் நடிப்பு, தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து கத்துவது. இவை நிறையப் பகிரப்படுகின்றன, பாராட்டவும்படுகின்றன. அந்தக் காட்சி யார் கேமராவில் இருந்தாலும், கூட்டுக்கோ குஞ்சுக்கோ மிக அருகில் அவர் நின்றிருந்தார் என்பதற்கு அதுவே சான்று. அப்படி நடந்தால் பதிவை நிறுத்திவிட்டு, காலடியைப் பார்த்துப் பார்த்து, வந்த வழியிலேயே வெளியேற வேண்டும். காலடியைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆள்காட்டிக் குஞ்சுகள் பொரிந்த சிறிது நேரத்திலேயே கூட்டை விட்டு நடக்கத் தொடங்கிவிடும். பெற்றோர் எச்சரிக்கைக் குரல் கொடுத்ததும் இருந்த இடத்திலேயே தரையோடு தரையாக ஒட்டிப் படுத்துவிடும். குரல் கேட்கும் வரை அவை எழாது. கத்தும் பறவையைப் படமெடுக்க இரண்டடி பக்கவாட்டில் வைக்கும் கால் குஞ்சின் மேல் விழலாம்.

மற்ற பறவைகளில் அறிகுறி மாறும், குரல் இல்லாமல் போகும். மரக்கூட்டுக்கு இரை கொண்டுவரும் பறவை அலகில் இரையோடு பக்கத்துக் கிளையிலேயே தத்திக்கொண்டிருந்தால், அது 'போஸ்' இல்லை. நீங்கள் இருப்பதால் உள்ளே போகத் தயங்குகிறது. அந்தப் படம் மிகத் தெளிவாக வரும் என்பதுதான் அதில் உள்ள கண்ணி. இறகு முளைத்து வெளியேறும் தறுவாயில் இருக்கும் குஞ்சுகள், பறக்கத் தெரிவதற்கு முன்பே பயத்தில் கூட்டிலிருந்து குதித்துவிடும். எடுத்து வைத்தாலும் மறுபடி குதிக்கும். ஆகவே கடைசி நாட்களில் தூரம் குறையக் கூடாது, கூட வேண்டும். நீர்ப்பறவைகளின் கூட்டுக்குடியிருப்பில் ஒன்று எழுந்தால் நூறும் எழும். அங்கே கணக்கு மிகவும் கூச்சமுள்ள பறவையை வைத்துத்தான். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது, இரவில் கூட்டின் மேல் விளக்கடிப்பது, ட்ரோனைக் கூட்டுக்கு மேலே கொண்டுபோவது ஆகிய மூன்றுக்கும் பாதுகாப்பான தூரம் என்று ஒன்று கிடையாது.

வெளியேறுவதையும் சரியாகச் செய்ய வேண்டும். எழுவதற்கு முன் முக்காலியைத் தரையில் படுக்கவைத்து மடக்கி, உட்கார்ந்த நிலையிலேயே சில மீட்டர் பின்னால் நகர்ந்து, பிறகு கூட்டுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நடந்து 150 மீட்டருக்கு அப்பால் போய், மறுபடி பைனாகுலரில் பாருங்கள். பறவை இன்னும் முட்டையின் மேல் இருந்தால் அன்றைய தூரம் சரி. எழுந்து நின்றிருந்தால் அடுத்த முறை தூரத்தைக் கூட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும். தேதி, நேரம், கழுத்து நிமிர்ந்த மீட்டர், உட்கார்ந்த மீட்டர், பறவை எழுந்ததா என்று ஐந்து சொல் எழுதிவைத்தால் அடுத்தடுத்த நாட்களில் ஊகிக்க வேண்டியதில்லை. ஒரே கூட்டுக்குத் தினமும் போவதையும் தவிர்க்க வேண்டும். நான்கு வாரத்தில் மூன்று நான்கு காலைப் பொழுதுகள் போதும்.

வீடியோவைக் குஞ்சுகள் பறக்கும் வரை வெளியிடாதீர்கள். கைபேசியில் ஜிபிஎஸ் குறிப்பை அணைத்தாலும், பின்னணியில் தெரியும் கோபுரம், மின்கம்பம், தனி மரம் ஆகியவை இடத்தைச் சொல்லிவிடும். ஒருவர் 120 மீட்டரில் உட்கார்ந்து எடுத்ததைப் பார்த்துவிட்டு, அடுத்து வருபவர் 20 மீட்டருக்குப் போவார். பிரேமிலிருந்து அடையாளங்களை வெட்ட முடியாவிட்டால் அந்தக் காட்சியை அடுத்த பருவம் வரை வைத்திருக்கலாம்.

எடிட்டிங்குக்கு நெருக்கக் காட்சி ஒன்று இல்லாமல் படம் தட்டையாக இருக்கிறதே என்றால், அதற்கும் வழி இருக்கிறது. குஞ்சுகள் வெளியேறி, இணை வேறிடம் போன பிறகு அந்தக் குழிக்குப் போகலாம். அதற்கு முன் அரை மணி நேரம் தொலைவிலிருந்து பார்த்து, அருகே எந்த ஆள்காட்டியும் கத்தவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். முட்டைகளை இழந்த இணை பக்கத்திலேயே மறுபடி முட்டையிட்டிருக்கக் கூடும். எதுவும் இல்லை என்றால், கல்லைத் தொடாமல், கைபேசியாலேயே அந்தக் குழியையும் சுற்றியுள்ள கற்களையும் ஓடு கிடந்தால் அதையும் எடுத்துக்கொள்ளலாம். 120 மீட்டரில் எடுத்த ஆள் மாற்றத்துக்கு முன்னால் அந்தப் பத்து வினாடியை வைத்தால், தொலைவில் பறவை எதன் மேல் அமர்கிறது என்று பார்ப்பவருக்குப் புரியும்.